ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தாலே லூபஸா? ரிப்போர்ட்டில் இருக்கும் எதிரணுக்கள் உண்மையில் சொல்வது என்ன?

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக அவருக்கு எப்போதும் அசதி. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு இறுக்கம். டாக்டரிடம் போக நேரம் இல்லை. செயலியில் ‘மூட்டுவலி பேக்கேஜ்’ ஒன்றைத் தட்டிவிட்டார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் இரவு போனில் ரிப்போர்ட் வந்தது. இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன: ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80. ஆர்.ஏ. ஃபேக்டர் 24, அந்த லேபின் வரம்பு 20.

அடுத்த அரை மணி நேரம் கூகுள். ஏஎன்ஏ என்றால் லூபஸ், ஆர்.ஏ. ஃபேக்டர் என்றால் முடக்குவாதம் என்று படித்தார். லூபஸ் என்றால் சிறுநீரகம் போகும் என்று அடுத்த பக்கம் சொன்னது. அன்றிரவு அவர் தூங்கவில்லை.

இந்த இரண்டு வரிகளிலிருந்து லூபஸும் முடக்குவாதமும் இருப்பதாக முடிவு கட்ட முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பது தெரிந்தால் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது. அதே சமயம், உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் எது என்பதும் தெரியும்.

பள்ளிக்கூட ‘பொருத்துக’ கணக்கு

கிருமிகளைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதங்கள்தான் எதிரணுக்கள். சில நேரம் இவை குறி தவறி நம் உடலின் பாகங்களையே பிடிக்கின்றன. அப்படி வரும் தன்னுடல் தாக்கு நோய்கள் ஒவ்வொன்றிலும், எதைப் பிடிக்கின்றன என்பது ஓரளவு மாறும். மருத்துவ மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு ‘பொருத்துக’ மாதிரி படிப்பார்கள். லூபஸுக்கு நேராக ஏஎன்ஏ, ஆன்டி-டிஎஸ் டிஎன்ஏ, ஆன்டி-எஸ்எம். ஹஷிமோட்டோ எனப்படும் தைராய்டு நோய்க்கு ஆன்டி-டிபிஓ. முடக்குவாதத்துக்கு ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி.

இந்தப் பட்டியலில் தப்பில்லை. ஆனால் அது நோயிலிருந்து எதிரணுவை நோக்கிப் போகும் பட்டியல். லூபஸ் இருப்பவரின் ரத்தத்தைச் சோதித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏஎன்ஏ இருக்கும். திருப்பிப் போட்டு, ஏஎன்ஏ இருப்பவருக்கெல்லாம் லூபஸ் என்று படித்தால்தான் தப்பாகிவிடுகிறது. மழை பெய்தால் தெரு நனையும் என்பது சரி. தெரு நனைந்திருக்கிறது, அதனால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது. குழாய் உடைந்திருக்கலாம், லாரித் தண்ணீர் சிந்தியிருக்கலாம்.

எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டும் பார்க்கலாம். ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த, மருத்துவ உலகில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1997-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80 அளவில் ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தது. இப்போது ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லூபஸ் உள்ளவர்கள் தாராளமாகவே 50 பேர் என்று வையுங்கள். அந்த 50 பேருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவ் வரும். நோயே இல்லாத மற்றவர்களில் ஏறக்குறைய 13,000 பேருக்கும் வரும். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் இந்த டெஸ்ட்டை எடுத்தால், பாசிட்டிவ் வரும் 260 பேரில் ஒருவருக்குத்தான் லூபஸ். மீதி 259 பேருக்கு மிச்சம் தூக்கமில்லாத இரவு மட்டும்தான்.

1:80 என்றால் என்ன?

ஏஎன்ஏ டெஸ்ட் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த எண் புரியும். கண்ணாடித் தகட்டில் மனிதச் செல்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை, தண்ணீர் கலந்த மோர் மாதிரி, நீர்க்கச் செய்து ஊற்றுவார்கள். சீரத்தில் செல்லின் உட்கருவைப் பிடிக்கும் எதிரணு இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒட்டிய இடம் பச்சையாக மின்னும்.

80 மடங்கு நீர்க்கச் செய்தும் மின்னினால் 1:80. இன்னும் நீர்க்கச் செய்து 160, 320, 640 என்று போய்க்கொண்டே இருக்கலாம். எவ்வளவு நீர்த்த பிறகும் மின்னுகிறதோ அவ்வளவு எதிரணு அதிகம். மேலே சொன்ன அதே ஆய்வில் 1:160 என்ற அளவில் பார்த்தபோது ஆரோக்கியமானவர்களில் பாசிட்டிவ் 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அதனால் 1:80-க்கும் 1:1280-க்கும் எடை ஒன்றல்ல. இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே வார்த்தைதான் வருகிறது என்பது இந்த டெஸ்ட்டின் பெரிய சங்கடம்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். ஒரு லேபில் 1:80 என்று வருவது இன்னொரு லேபில் 1:160 என்று வரலாம். ஒரு படி மேலே போனதை ‘நோய் இரட்டிப்பாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

டாக்டர் கேட்ட கேள்விகள்

அந்தப் பெண் மூட்டு, எதிர்ப்பாற்றல் நோய் நிபுணர் ஒருவரிடம் போகிறார். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: “டாக்டர், எனக்கு லூபஸ் இருக்கு.”

டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைக்கிறார். “ரெண்டு கையையும் நீட்டுங்கம்மா” என்கிறார். விரல் கணுக்களை வரிசையாகச் சேர்த்து அழுத்திப் பார்க்கிறார். முடக்குவாதம் என்றால் அந்த இடத்தில் சுருக்கென்று வலிக்கும். மெத்தென்று வீக்கமும் தட்டுப்படும். இவருக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

“காலைல விரல் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கு?”

“பத்து நிமிஷம் இருக்கும். வெந்நீர்ல கை வெச்சா சரியாயிடும்.”

அந்தப் பத்து நிமிடம் முக்கியமான தகவல். முடக்குவாதத்தில் இறுக்கம் பொதுவாக அரை மணி, ஒரு மணி நேரம் என்று நீடிக்கும். சட்டைப் பட்டனைப் போடவே நேரம் எடுக்கும்.

அடுத்தடுத்துக் கேள்விகள் வருகின்றன. வெயிலில் போனால் கன்னத்தில் சிவந்து தடிக்கிறதா? வாயில் புண்? காரணமில்லாத காய்ச்சல்? மூச்சை இழுத்தால் நெஞ்சில் வலி? சிறுநீர் நுரைத்துப் போகிறதா? கால் வீங்குகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில்தான். எடை? நாலு கிலோ கூடியிருக்கிறது, சாப்பாடு கூடவில்லை. மலச்சிக்கல்? உண்டு. மாதவிடாய்? முன்னைவிட அதிகப் போக்கு. ஏ.சி.யில் குளிர் தாங்கவில்லையா? “ஆபீஸ்ல நான் மட்டும்தான் ஸ்வெட்டர் போட்டிருப்பேன் டாக்டர்.”

டாக்டருக்கு இப்போது தைராய்டு மேல் சந்தேகம். ஆனால் அந்த பேக்கேஜிலேயே தைராய்டு டெஸ்ட்டும் இருந்தது. டிஎஸ்எச் 3.8, நார்மல். அப்புறம் என்ன?

“முடி கொட்டுறதுக்கு ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?”

“பயோட்டின், 10 மில்லிகிராம். தினமும் காலைல. ரத்தம் கொடுத்த அன்னிக்கும் போட்டேன்.”

நார்மல் என்று ஏமாற்றிய மாத்திரை

இந்த இடம் பலருக்கும் புதிதாக இருக்கும். பல லேப் மெஷின்கள் டிஎஸ்எச் அளவைப் பார்க்க, பயோட்டின் ஒரு புரதத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் குணத்தைப் பயன்படுத்துகின்றன. டெஸ்ட்டுக்குள்ளேயே பயோட்டின் ஒரு பசை மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய இருந்தால், அது முந்திக்கொண்டு போய் ஒட்ட வேண்டிய இடங்களை அடைத்துவிடும். மெஷின் டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். உயர்ந்திருக்கும் டிஎஸ்எச் நார்மலாகத் தெரியலாம். நார்மலாக இருப்பவருக்குத் தைராய்டு அதிகம் சுரப்பது போலவும் ரிப்போர்ட் வரலாம். எல்லா மெஷினிலும் இது நடக்காது. ஆனால் உங்கள் லேபில் எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம்தான். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் இருக்கும். 10 மில்லிகிராம் என்பது தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். தைராய்டு டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். தைராய்டு குறைவால் முடி கொட்ட, அதற்கு வாங்கிய மாத்திரையே தைராய்டு குறைவை மறைத்துவிடுவது கொஞ்சம் விநோதமான சுற்றுதான்.

பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டிஎஸ்எச் 14.2. ஆன்டி-டிபிஓ வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். கூடவே டாக்டர் எழுதியிருந்த மற்றவை: சிறுநீரில் புரதம் இல்லை, ரத்த அணுக்கள் நார்மல், ஆன்டி-டிஎஸ் டிஎன்ஏ நெகட்டிவ், ஆன்டி-சிசிபி நெகட்டிவ்.

நோயின் பெயர் ஹஷிமோட்டோ தைராய்டிட்டிஸ். 1912-இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்க உதவும் டிபிஓ என்ற நொதிக்கு எதிராக உடலே எதிரணு தயாரிக்கிறது. எதிர்ப்புச் செல்கள் சுரப்பிக்குள் புகுந்து மெதுவாக அதை அரிக்கின்றன. அசதி, எடை, குளிர், முடி, விரல் இறுக்கம் எல்லாமே தைராய்டு குறைவில் வரக்கூடியவை. அப்படியானால் ஏஎன்ஏ? தைராய்டு தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு லூபஸ் இல்லாமலே ஏஎன்ஏ பாசிட்டிவ் வருவது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்.

பாசிட்டிவ் எல்லாம் ஒரே எடை அல்ல

ஏஎன்ஏ ஒரு கதவு மாதிரி. 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து லூபஸுக்கு வகுத்த அளவுகோலில் 1:80 ஏஎன்ஏ என்பது உள்ளே நுழைவதற்கான நிபந்தனை மட்டுமே. அதற்கு மதிப்பெண் கிடையாது. உள்ளே போன பிறகுதான் மதிப்பெண். லூபஸ் என்று வகைப்படுத்தக் குறைந்தது 10 வேண்டும். முடி கொட்டுதலுக்கு 2. மூட்டு வீக்கத்துக்கு 6. ஆன்டி-டிஎஸ் டிஎன்ஏ அல்லது ஆன்டி-எஸ்எம் இருந்தால் 6. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்து அதில் தீவிர வகை லூபஸ் பாதிப்பு தெரிந்தால் அது ஒன்றுக்கே 10. வேறு காரணத்தால் வந்த அறிகுறியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பதும் விதி. அந்தப் பெண்ணின் முடி கொட்டுதலுக்குத் தைராய்டு காரணம் கிடைத்துவிட்டது. ஆக அவர் மதிப்பெண் பூஜ்யம். இந்த அளவுகோல் ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டது என்றாலும், எதற்கு எவ்வளவு எடை என்று புரிந்துகொள்ள நன்றாக உதவும்.

லூபஸுக்கான குறிப்பான எதிரணுக்களுக்குள்ளேயே குணம் வேறுபடும். ஆன்டி-எஸ்எம் லூபஸ் நோயாளிகளில் நாலில் ஒருவருக்குக்கூட இருக்காமல் போகலாம். ஆனால் இருந்தால் லூபஸ் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எஸ்எம் என்பது, அந்த எதிரணு முதலில் கண்டறியப்பட்ட நோயாளியின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். ஆன்டி-டிஎஸ் டிஎன்ஏ இன்னும் அதிகம் பேருக்கு இருக்கும். அதோடு நோய் சீறும்போது ஏறி, அடங்கும்போது இறங்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. அதனால்தான் லூபஸ் நோயாளிகளுக்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஏஎன்ஏவுக்கு இந்த ஏற்ற இறக்கம் பொருந்தாது. ஒருமுறை பாசிட்டிவ் வந்துவிட்டால் மறுபடி மறுபடி எடுப்பது பண விரயம்.

மூட்டுப் பக்கம் வந்தால், பெயரைப் பார்த்து அதிகம் ஏமாறுவது ஆர்.ஏ. ஃபேக்டரில்தான். முடக்குவாதத்தின் பெயரையே சூட்டியிருந்தாலும் இது ஹெபடைட்டிஸ் சி, காசநோய், இதய வால்வில் கிருமித் தொற்று, ஏன் வெறும் வயது முதிர்ச்சியில்கூட வரும். அந்தப் பெண்ணுக்கு வந்த 24 என்பது வரம்பைச் சற்றே தாண்டிய எண். வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் மருத்துவர்கள் அதை ‘அதிகம்’ என்ற கணக்கில் வைப்பார்கள். ஆன்டி-சிசிபி இதைவிட நம்பகமானது. மூட்டு வீக்கமும் இருந்து இதுவும் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் என்ற சந்தேகம் வலுக்கும். மூட்டு வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது ரத்தத்தில் தென்படுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் சிக்குன்குனியா. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் இரண்டு கை விரல்களும் வீங்கி, அப்படியே முடக்குவாதம் மாதிரி இருக்கும். சிலருக்கு ஆர்.ஏ. ஃபேக்டரும் பாசிட்டிவ் வரும். வலி தொடங்கியதற்கு முன் காய்ச்சல் வந்ததா, வீட்டில், தெருவில் வேறு யாருக்கும் வந்ததா என்ற கேள்விதான் அங்கே வழி காட்டும்.

நெகட்டிவும் ஏமாற்றும்

இதுவரை சொன்னதைக் கேட்டு, ரிப்போர்ட்டே வேண்டாம் என்று போய்விடவும் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஆன்டி-சிசிபி நெகட்டிவாகவே இருக்கும். விரல்கள் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்து, ஆறு வாரம் தாண்டிவிட்டது என்றால் ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று வலி மாத்திரையோடு நாளைக் கடத்துவது ஆபத்து. மூட்டு எலும்பு அரிக்கத் தொடங்கிவிட்டால் பழையபடி ஆகாது.

அதே மாதிரி, அந்தப் பெண்ணுக்குக் கால் வீக்கமும், நுரைத்த சிறுநீரும் இருந்திருந்தால் கதையே வேறு. அப்போது அதே 1:80-ஐயும் டாக்டர் ஓரமாக வைத்திருக்க மாட்டார். ஆன்டி-டிஎஸ் டிஎன்ஏவும், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களும் அன்றே பார்க்கப்பட்டிருக்கும். தேவைப்பட்டால் சிறுநீரகத் திசு ஆய்வும். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது வலிக்காது. முதல் தடயம் பெரும்பாலும் சிறுநீரில் கசியும் புரதம்தான். பல ஆயிரம் ரூபாய் எதிரணு பேக்கேஜில் இல்லாத ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை, சில நேரம் அந்த பேக்கேஜ் முழுவதையும்விட அவசரமான செய்தியைச் சொல்லிவிடும்.

ஆன்டி-டிபிஓ பாசிட்டிவ், ஆனால் டிஎஸ்எச் நார்மல் என்று வருபவர்களும் நிறைய. இவர்களுக்கு உடனே மாத்திரை தேவையில்லை. இங்கிலாந்தில் ஒரே சமூகத்தினரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த விக்ஹாம் ஆய்வில், எதிரணு மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு வந்தது. டிஎஸ்எச்சும் சேர்ந்து உயர்ந்திருந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். எனவே ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்தால் போதும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் மட்டும் இந்த ரிப்போர்ட்டை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். கர்ப்பத்தில் தைராய்டின் வேலை கூடும். பாதி அரித்த சுரப்பி அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம்.

எட்டு வாரம் கழித்து

அந்தப் பெண்ணுக்குத் தைராக்ஸின் மாத்திரை எழுதப்பட்டது. காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. ஆன்டி-டிபிஓவை மறுபடி பார்க்க வேண்டாம், அது எவ்வளவு என்பதை வைத்து மாத்திரை அளவு மாறாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்க வேண்டியது டிஎஸ்எச் மட்டும், அதுவும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

எட்டாவது வாரம் டிஎஸ்எச் 2.9. விரல் இறுக்கம் போய்விட்டது. ஸ்வெட்டர் பீரோவுக்குள் போய்விட்டது. முடி மட்டும் இன்னும் கொட்டுகிறது. அது நிற்க இன்னும் சில மாதம் ஆகலாம் என்றார் டாக்டர்.

“அப்போ அந்த ஏஎன்ஏவை ஒரு தடவை திரும்பப் பார்த்துடலாமா டாக்டர்?”

“வேண்டாம்மா. அது அப்படியேதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை யூரின் டெஸ்ட் எடுங்க. நடுவுல மூட்டு வீங்கினாலோ, வெயில் பட்டு முகத்துல தடிப்பு வந்தாலோ, கால் வீங்கினாலோ, அன்னிக்கே வாங்க.”